180 மில்லி மிச்சம் என்றது ஸ்கேன். 48 என்றது மறு அளவீடு

[காட்சி: ராமநாதபுரத்தில் ஒரு ஸ்கேன் மையம். வரிசையில் காத்திருப்போர் கையில் தண்ணீர் பாட்டில்.]

வணக்கம். நான் ஸ்கேன் எடுக்கும் மருத்துவர். மண்டபத்திலிருந்து வந்த 68 வயது மீனவர் ஒருவரின் ஸ்கேனைப் பற்றிச் சொல்லப்போகிறேன். இரண்டு ஆண்டுகளாக அவருக்குச் சிறுநீர் மெலிந்து, விட்டுவிட்டு வருகிறது. படகின் ஓரத்தில் நின்று நெடுநேரம் காத்திருந்தால்தான் ஆரம்பிக்கிறது.

ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் பஸ் ஏறும் முன்பே ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டார். உச்சிப்புளி தாண்டும்போதே முட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அடக்கிக்கொண்டே வந்து, இங்கேயும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

[காட்சி: ஸ்கேன் திரை. கறுப்பாகத் தெரியும் சிறுநீர்ப்பை. அதன் அடியில் சாம்பல் நிறத்தில் புராஸ்டேட்.]

முதலில், சிறுநீர்ப்பையின் வாய்க்கு அடியில் இருக்கும் சுரப்பியான புராஸ்டேட்டை அளந்தேன். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் எடுத்துப் பெருக்கி, 0.52 ஆல் மறுபடியும் பெருக்க வேண்டும்.

```
4.6 × 3.8 × 4.2 × 0.52 = 38
```

38 மில்லி, எடை ஏறத்தாழ 38 கிராம். இளம் வயதில் இது 20 முதல் 25 வரை இருக்கும். இந்த வயதில் 38 என்பது பெரிய வீக்கம் அல்ல. 80 கிராம் வைத்துக்கொண்டு தாராளமாகச் சிறுநீர் கழிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன், 30 கிராமிலேயே திணறுபவர்களையும் பார்த்திருக்கிறேன். சுரப்பி எந்தப் பக்கம் வளர்கிறது என்பதுதான் பெரிது. இவருக்கு அந்தச் சுரப்பியின் நடுப்பகுதியான நடுமடல் சிறுநீர்ப்பைக்குள் 11 மில்லிமீட்டர் துருத்திக்கொண்டிருந்தது. குடத்தின் வாயை உள்ளிருந்து ஒரு உருண்டை அடைப்பது போல, முக்கும்போது அது வழியை மறிக்கும். துருத்தல் 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து, கழித்த பிறகு எவ்வளவு தங்குகிறது என்று பார்க்க வேண்டும். போகும் முன் பையில் 620 மில்லி இருந்தது. கழிப்பறையிலும் வரிசை. அவர் போய்விட்டுத் திரும்ப இருபது நிமிடம் ஆனது. மறுபடி ஸ்கேன்.

```
9.0 × 7.0 × 5.5 × 0.52 = 180
```

இந்த மிச்சத்துக்கு PVR என்று பெயர். அறிக்கையில் PVR 180 ml என்று அச்சாகும். உடன் வந்த மகன் முகம் வெளுத்துவிட்டது. "டாக்டர், அப்பாவுக்குக் குழாய் போட வேண்டுமா?" என்று கேட்டார்.

இந்த எண்ணை நான் நம்பவில்லை. அளவுக்கு மீறி நிரம்பிய சிறுநீர்ப்பையின் தசை, இழுத்து இழுத்துத் தளர்ந்த ரப்பர் போல ஆகிவிடுகிறது. நல்ல ஆரோக்கியமானவருக்குக்கூட அப்போது முழுவதும் காலியாகாது. இன்னொன்று, ஒன்றரை லிட்டர் குடித்தவரின் சிறுநீரகம் நிமிடத்துக்கு 10 மில்லி கூட இறக்கும். இருபது நிமிடக் காத்திருப்பில் புதிதாகச் சேர்ந்ததும் மிச்சக் கணக்கில் ஏறிவிடும்.

"ஐயா, இன்னும் ஒன்றரை மணி நேரம் இருங்கள். தண்ணீர் குடிக்க வேண்டாம். வீட்டில் எப்போது போவீர்களோ அந்த அளவு உந்துதல் வந்ததும் சொல்லுங்கள்" என்றேன்.

"அவசரப்படாமல் போகலாமா டாக்டர்?" என்றார். அந்தக் கேள்வி எனக்கு வலித்தது. முதல் முறை வெளியே இரண்டு பேர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்களாம்.

[காட்சி: அதே திரை. இம்முறை சிறிய கறுப்பு வட்டம்.]

இரண்டாவது முறை பையில் 310 மில்லி. நிதானமாகக் கழித்துவிட்டு ஐந்து நிமிடத்துக்குள் வந்து படுத்தார்.

```
6.0 × 4.5 × 3.4 × 0.52 = 48
```

48 மில்லி. 50க்குள் இருப்பதைக் கவலைப்பட வேண்டியதில்லை என்றே கொள்கிறோம். இரண்டு அளவீடுகளையும், பையில் எவ்வளவு இருந்தபோது எடுத்தது என்பதையும் அறிக்கையில் எழுதினேன். 50க்கும் 300க்கும் நடுவில் உள்ள எண்களை ஒரே முறை பார்த்து முடிவு கட்டக் கூடாது. ஆனால் 300க்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால், அல்லது இரண்டு சிறுநீரகங்களும் வீங்கியிருந்தால், அது உண்மையான தேக்கம்; தள்ளிப்போடாமல் சிறுநீரகவியல் மருத்துவரிடம் போக வேண்டும். சிறுநீர் அடியோடு வராமல் வயிறு உப்பி வலித்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மிச்சம் கூடுதலாக இருந்தாலும், அதற்குக் காரணம் புராஸ்டேட் அடைப்பா, பையின் தசை சோர்ந்ததா என்று ஸ்கேன் பிரித்துச் சொல்லாது. நீரிழிவு பல ஆண்டுகளாக இருப்பவருக்குத் தசையே சோர்ந்திருக்கலாம். அதற்கு ஓட்ட வேகச் சோதனையும் தேவைப்பட்டால் அழுத்தச் சோதனையும் உண்டு. புற்றுநோயையும் இந்த அளவுகளை வைத்துச் சொல்ல முடியாது.

இவரிடம் இன்னொன்று கேட்டேன். சளிக்கு மாத்திரை சாப்பிட்டீர்களா? பத்து நாளாகக் கடையில் வாங்கிய மாத்திரை சாப்பிட்டு வருகிறாராம். மூக்கடைப்பைத் திறக்கும் அந்த மருந்துகள் சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கிவிடும். மாத்திரை அட்டையை மகன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அதன் பெயரையும் அறிக்கையோடு சேர்த்து, மருத்துவருக்கு எழுதி அனுப்பினேன்.