810 வெள்ளி மறைந்தது, 180 வெள்ளி தாமதித்தது

வணக்கம் நேயர்களே. ஒரு வங்கியில் கார்டுக் கணக்குகளைச் சரிபார்க்கும் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். "பணத்தைத் திருப்பிவிட்டோம் என்று கடையில் சொல்கிறார்கள், என் கணக்கில் வரவில்லையே?" என்ற கேள்வியைத்தான் அங்கே அதிகம் கேட்டிருக்கிறேன். கேட்பவர்களின் பதற்றம் எனக்கு நன்றாகவே புரியும்.

இதில் இரண்டு விதம் உண்டு: விற்பனையை ரத்து செய்வது, வாங்கிய பணத்தைத் திருப்பி அனுப்புவது. எங்கள் புளோக்கில் இருக்கும் ஓர் அக்காவுக்கு இந்த இரண்டு விதமும் ஒரே வாரத்தில் நடந்தன. சனிக்கிழமை மாலை சிராங்கூன் சாலையில் ஒரு சேலை எடுத்தார். விலை 180 வெள்ளி. கூட்ட நேரம். கல்லாவில் இருந்த பெண் அவசரத்தில் 810 என்று அழுத்திவிட்டார். அக்காவும் தொகையைக் கவனிக்காமல் டெபிட் கார்டுக்கு ரகசிய எண்ணைப் போட்டுவிட்டார். தவறு உடனே தெரிந்தது. அந்தப் பெண் அதை ரத்து செய்து, VOID என்று அச்சான ரசீதைக் கொடுத்துவிட்டு, மறுபடியும் சரியாக 180 வாங்கினார்.

வீட்டுக்கு வந்து வங்கிச் செயலியைப் பார்த்தால் 810, 180 இரண்டுமே நிலுவையில் நிற்கின்றன. கணக்கில் 1,200 வெள்ளி இருந்தும், செலவழிக்க முடிந்தது 210 மட்டுமே. அக்கா அன்றிரவு தூங்கவில்லை.

ஆனால் அந்த 810 வெள்ளி வங்கியை விட்டு வெளியே போகவே இல்லை. கார்டு போட்டதும் கடையின் இயந்திரம், "இவர் கணக்கில் இவ்வளவு இருக்கிறதா?" என்று வங்கியிடம் கேட்கிறது. வங்கி சரி என்று சொல்லி, அந்தத் தொகையைத் தொடாமல் ஒதுக்கி வைக்கிறது. பணம் உண்மையில் நகர்வது பிறகுதான். கடைக்காரர் பெரும்பாலும் இரவு கணக்கு முடிக்கும்போது, அன்றைய விற்பனை எல்லாவற்றையும் மொத்தமாகத் தம் வங்கிக்கு அனுப்புவார். அதற்குள் ரத்து செய்துவிட்டால் அந்த 810 அந்தத் தொகுப்பிலேயே சேராது. வங்கி செய்ய வேண்டியது ஒதுக்கியதை விடுவிப்பது மட்டும்தான். ரத்துச் செய்தி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் இது சீக்கிரம் நடக்கும். சேராவிட்டால், வங்கி வைத்திருக்கும் கெடு முடியும்வரை, சில நாட்கள் அப்படியே நிற்கும். அக்காவுக்குத் திங்கட்கிழமை காலை அந்த வரி காணாமல் போயிருந்தது. வரவு என்று எதுவும் பதிவாகவில்லை. போகாத பணத்துக்கு வரவு எப்படி இருக்கும்?

அப்புறம் புதன்கிழமை, சேலையில் நூல் இழுத்திருப்பதைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். இந்த முறை ரசீதில் REFUND என்று இருந்தது. இது வேறு கதை. சனிக்கிழமை வாங்கிய 180 வெள்ளி அதற்குள் கடைக்காரரின் வங்கிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதை இனி ரத்து செய்ய முடியாது. கடையிலிருந்து அக்காவுக்குப் புதிதாக ஒரு பரிவர்த்தனை எதிர்த்திசையில் வர வேண்டும். புதன் இரவு கடையின் அன்றைய தொகுப்பில் அது சேரும். அங்கிருந்து கடைக்காரரின் வங்கிக்கும், பிறகு விசா, மாஸ்டர்கார்டு போன்ற கட்டமைப்புக்கும் போகும். கடைசியில்தான் அக்காவின் வங்கிக்கு வரும். ஒவ்வோர் இடத்திலும் தனித்தனிச் செய்தியாக உடனுக்குடன் போகாமல், பல ஆயிரம் பதிவுகளோடு தொகுப்பாகத்தான் போகிறது. நடுவில் சனி, ஞாயிறு வந்தால் இன்னும் இழுக்கும். வாங்கும்போது உடனே நிலுவை வரி தெரிகிறதே, திரும்பும்போது ஏன் தெரியவில்லை என்று அக்கா கேட்டார். வாங்கும்போது வங்கியிடம் முன்கூட்டியே அனுமதி கேட்கிறார்கள். திருப்பும்போது பல நேரம் அப்படிக் கேட்காமலே அனுப்பிவிடுகிறார்கள். அதனால் பணம் வந்து பதிவாகும்வரை வங்கிக்கே தெரியாது. இப்போது சில வங்கிகள் வரப்போகும் தொகையை முன்பே காட்டுகின்றன.

ஒரு வாரம் தாண்டியும் வரவில்லை என்றால், கடையில் ARN கேட்டு வாங்குங்கள். 23 இலக்கங்கள் கொண்ட எண் அது. கடைக்காரரின் வங்கி அந்தப் பரிவர்த்தனைக்குக் கொடுக்கும் அடையாளம். உங்கள் வங்கியிடம் அதைச் சொன்னால், பணம் எந்த இடத்தில் நிற்கிறது என்று தேடிப் பார்க்க முடியும். "திருப்பிவிட்டோம்" என்று சொல்லும் கடை அந்த எண்ணைத் தர முடியாமல் தடுமாறினால், பெரும்பாலும் பணம் இன்னும் அவர்களிடமிருந்தே கிளம்பவில்லை என்று பொருள். அல்லது அவர்கள் செய்தது ரத்து. அதற்கு அந்த எண் இருக்காது. அக்காவுக்கு அது தேவைப்படவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை 180 வெள்ளி வரவாகப் பதிவானது.

அக்கா கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால் இன்னொன்றையும் பார்த்திருக்க வேண்டும். திருப்பும் பணம் வருவதற்குள் மாதப் பில் வந்துவிட்டால், அந்த 180 பில்லில் அப்படியேதான் இருக்கும். எப்படியும் வரப்போகிறதே என்று அதைக் கழித்துக்கொண்டு கட்டினால், பாக்கிக்கு வட்டி விழலாம். முழுத் தொகையையும் கட்டிவிடுங்கள். பிறகு வரும் 180 உங்கள் கார்டில் வரவாக நின்று அடுத்த பில்லில் கழிந்துவிடும்.