திருவொற்றியூர் கல்வெட்டு தமிழியா, சோழர் எழுத்தா? போட்டோல கண்டுபிடிக்கலாம்!

வணக்கம் மக்களே! திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் சுவர்ல எடுத்ததுன்னு ஒருத்தர் இந்த போட்டோவ அனுப்பியிருக்கார். "ரெண்டாயிரம் வருஷத்து தமிழி எழுத்துதானே?"ன்னு கேக்குறார். இல்லைங்க, இது சோழர் கால எழுத்து.

எழுத்துக்குப் போறதுக்கு முன்னாடி கல்லப் பாருங்க. பாறைய வெட்டி, செதுக்கி, சமமாக்கி அடுக்குன சுவர் இது. தமிழி நமக்குக் கிடைக்கிறது பெரும்பாலும் மாங்குளம், புகளூர் மாதிரி இயற்கைக் குகைகள்ல, அப்புறம் பானை ஓடுகள்ல. தமிழ்நாட்டுல பாறையக் குடைஞ்சு கோயில் எடுக்குறதே 7ஆம் நூற்றாண்டுல, பல்லவ ராஜா மகேந்திரவர்மன் காலத்துலதான் பிடிக்குது; கல்ல அடுக்கிக் கட்டுறது அதுக்கும் அப்புறம். அதனால சுவரே பாதி பதில் சொல்லிடும்.

இப்போ 'க'வத் தேடுங்க. தமிழி எழுத்துல அது வெறும் கூட்டல் குறி. இந்த போட்டோல குறுக்குக்கோட்டோட ரெண்டு முனையும் வளைஞ்சு கீழ இறங்குது, பாருங்க. இன்னிக்கு நாம எழுதுற 'க'வுக்கு ரொம்பப் பக்கத்துல வந்துடுச்சு. அடுத்து 'ர'. தமிழி எழுத்துல ஒரு நேர்க்கோடு, அவ்ளோதான். இங்க 'ர'வும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கு. புள்ளியும் வைக்கல, அதனால "திருமன்னி வளர" "திருமனனி வளர"ன்னு தெரியும். கண்ணு பழகுற வரைக்கும் தலைவலிதான்!

வரியோட தொடக்கத்துக்கு வாங்க. ரெண்டு மூணு எழுத்து மட்டும் தமிழ் மாதிரியே இல்லையே? அது சமஸ்கிருதம் எழுதுற கிரந்த எழுத்து, "ஸ்வஸ்தி ஸ்ரீ". அதுக்கப்புறம் தமிழ்தான். தமிழ எழுதுன இன்னொரு பழைய எழுத்தான வட்டெழுத்தா இருக்குமோன்னு சிலருக்குத் தோணும். ஆனா அதுல ப, ய, வ மூணும் உருண்டு ஒண்ணோட ஒண்ணு கலந்து நிக்கும். இங்க மூணும் தெளிவா வேற வேற. வட்டெழுத்து வேணும்னா செங்கம் பக்கத்து நடுகற்களப் போய்ப் பாருங்க.

"திருமன்னி வளர" முதலாம் ராஜேந்திரனோட மெய்க்கீர்த்தி, அதாவது ராஜாவோட புகழச் சொல்ற பகுதி, தொடங்குற வரி. "திருமகள் போல"ன்னு இருந்தா அவங்க அப்பா ராஜராஜன். மெய்க்கீர்த்தி முடியுற இடத்துல "யாண்டு"ன்னு வந்து எண் இருக்கும். அங்க ௨௰௯ன்னு இருந்தா, ரெண்டு பத்தும் ஒன்பதும், 29ஆம் ஆட்சியாண்டு. அவர் ஆட்சிக்கணக்கு 1012ல தொடங்குது, அப்போ கிட்டத்தட்ட 1040. மெய்க்கீர்த்தி இல்லாம எழுத்து வடிவத்த மட்டும் வெச்சுச் சொன்னா நூறு வருஷம் முன்ன பின்ன போகும்.

போட்டோ எடுக்கும்போது உச்சி வெயில்ல எடுக்காதீங்க, குழி நிழலே விழாது. காலையில பக்கவாட்டு வெளிச்சத்துல எடுங்க. வெளிச்சம் எந்தப் பக்கம்னு தெரியலன்னா, குழி மேடாத் தெரிஞ்சு எழுத்தே மாறிப்போகும். மாவு, சுண்ணாம்பு தடவவே கூடாது, சொல்லிட்டேன்!

இன்னொண்ணு. கோயிலப் பிரிச்சுக் கட்டும்போது பழைய கல்வெட்டப் படியெடுத்து புதுக் கல்லுல வெட்டியிருக்காங்க. அப்போ வாசகத்துல பழைய ராஜா பேர் இருக்கும், எழுத்து மட்டும் ரெண்டு நூற்றாண்டு பிந்தினதா இருக்கும். ரெண்டும் முட்டுதுன்னா எழுத்த நம்புங்க, வெட்டுன காலம் அதுதான்.