லப்பைக்: எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது?

(மும்பை தாராவியில், ஹஜ்ஜுக்குச் செல்லவிருக்கும் தமிழ்ப் பயணிகளிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

அன்புச் சகோதரர்களே, தாய்மார்களே! ஹஜ்ஜின் கடமைகள் பற்றி வகுப்புகளில் நிறையக் கேட்டிருப்பீர்கள். நான் இன்று தல்பியாவைப் பற்றி மட்டும் பேசுகிறேன். எல்லோருக்கும் அது மனப்பாடமாகத் தெரியும். ஆனால் அதை எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்று கேட்டால் பலரும் தடுமாறுகிறார்கள்.

முதலில் வாசகம். "லப்பைக் அல்லாஹும்ம லப்பைக், லப்பைக் லா ஷரீக்க லக்க லப்பைக், இன்னல் ஹம்த வன்னிஃமத்த லக்க வல்முல்க், லா ஷரீக்க லக்." நபி (ஸல்) அவர்களின் தல்பியா இதுவே என்று இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. "வந்தேன் இறைவா, வந்தேன், வந்தேன், உனக்கு இணை யாருமில்லை, வந்தேன், புகழும் அருளும் உனக்கே உரியவை, ஆட்சியும் உனக்கே, உனக்கு இணை யாருமில்லை" என்பது பொருள். அம்மா கூப்பிட்டதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, "இதோ வந்துட்டேம்மா" என்று பிள்ளை ஓடி வருகிறதே, அந்தக் குரல்தான் லப்பைக். அரபு இலக்கணத்தில் அது இருமை வடிவம். மீண்டும் மீண்டும் பதில் சொல்கிறேன் என்பதை அந்த ஒரு சொல்லே உணர்த்திவிடுகிறது. கூப்பிட்டவர் யார்? "மக்களிடையே ஹஜ்ஜை அறிவிப்பீராக" என்று இப்ராஹீம் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இட்ட கட்டளை குர்ஆனின் 22ஆம் அத்தியாயம் 27ஆம் வசனத்தில் வருகிறது. அந்த அழைப்புக்கே நாம் பதில் சொல்கிறோம். நம் லப்பை சமூகத்தாருக்கு அந்தப் பெயரே இந்தச் சொல்லிலிருந்து வந்தது என்று சொல்லும் வழக்கமும் உண்டு.

தமிழ் எழுத்தில் பார்த்துப் படிப்பவர்கள் இரண்டு இடங்களில் கவனமாக இருக்க வேண்டும். 'லப்பைக்' என்று எழுதினாலும் அங்கே உள்ளது பகரத்தின் வல்லோசை அன்று. அரபியில் அந்த ஓசையே கிடையாது. 'அப்பாஸ்' என்ற பெயரை ஆலிம்கள் எப்படி உச்சரிக்கிறார்களோ அப்படி மெல்லொலியாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது இடம் இதைவிட முக்கியமானது. 'நிஃமத்' என்பதில் உள்ள ஆய்தம், தொண்டையிலிருந்து வரும் 'ஐன்' எழுத்துக்காக இடப்பட்டது. பள்ளிக்கூடத்தில் படித்த பழக்கத்தில் அதை 'அக்கன்னா' போல ஒலித்து 'நிக்மத்' என்று சொல்லிவிடுகிறோம். நிஃமத் என்றால் அருட்கொடை. நிக்மத் என்ற ஓசையில் அரபியில் இருக்கும் வேறொரு சொல்லுக்குத் தண்டனை, பழிதீர்ப்பு என்று பொருள். உச்சரிப்பு வராத எளிய மனிதரை அல்லாஹ் குற்றம் பிடிக்க மாட்டான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும், ஓர் ஆலிமிடம் பத்து நிமிடம் உட்கார்ந்தால் திருந்திவிடும் பிழையை மக்கா வரை சுமந்துகொண்டு போக வேண்டாமே.

'வல்முல்க்' என்ற இடத்தில் சற்றே நிறுத்தி, பிறகு 'லா ஷரீக்க லக்' என்று முடிப்பது நல்லது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். முடிக்கும் இடத்தில் முடிப்பதற்கு ஒரு வரலாறே உண்டு. நபியவர்களின் காலத்து இணைவைப்பாளர்களும் கஅபாவைச் சுற்றி வந்து லப்பைக் சொன்னார்கள். "உனக்கு இணையில்லை" என்ற சொல் வந்ததுமே நபியவர்கள் "போதும், போதும்" என்பார்களாம். அவர்களோ அங்கே நிறுத்தாமல், "உனக்குச் சொந்தமான ஓர் இணையைத் தவிர, அவனும் அவனுக்குரியவையும் உன் உடைமையே" என்று சேர்த்துக்கொள்வார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக முஸ்லிமில் இது பதிவாகியிருக்கிறது. நிறுத்த வேண்டிய இடத்தைத் தாண்டிச் சேர்த்த அந்த ஒரே வரியில் தவ்ஹீத் போய்விட்டது. நபியவர்களின் ஹஜ்ஜை விவரிக்கும் ஜாபிர் (ரலி), அவர்கள் "தவ்ஹீதைக் கொண்டு குரல் எழுப்பினார்கள்" என்று சொல்லியே இந்த வாசகத்தைத் தருகிறார்.

இனி, தொடங்கும் இடம். 1995 வரை இந்த மும்பைத் துறைமுகத்திலிருந்து ஹாஜிகள் கப்பலில் போனார்கள். யலம்லம் எல்லைக்கு நேராகக் கப்பல் வரும்போது இஹ்ராம் அணிய நேரமும் இடமும் இருந்தன. இப்போது ஜித்தாவுக்கு விமானத்தில் சுமார் ஐந்து மணி நேரம். மீக்காத் எல்லையோ இறங்குவதற்குச் சற்று முன்னதாகக் கால் அடியில் கடந்து போய்விடுகிறது. விமான நிலையத்தில் இரண்டு வெள்ளைத் துணிகளை உடுத்தியதுமே இஹ்ராமில் நுழைந்துவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். துணி உடுத்துவது மட்டும் இஹ்ராம் ஆகாது. ஷாஃபி மத்ஹபில் உள்ளத்தில் நிய்யத் செய்வதே இஹ்ராம். தல்பியா அதனோடு சேரும் சுன்னத். ஹனஃபி மத்ஹபில் நிய்யத்துடன் தல்பியாவோ அதற்கு ஈடான இறைதுதியோ நாவில் வர வேண்டும். தொழுகைக்குத் தக்பீர் எப்படியோ, இஹ்ராமுக்கு இது அப்படி. காயல்பட்டினத்து ஷாஃபிகளும் உள்நாட்டு ஹனஃபிகளும் ஒன்றாக அமர்ந்திருக்கும் அவை இது என்பதால் இரண்டையும் சொல்கிறேன். அறிவிப்பு வரும்போது தூங்கிவிட்டு, இஹ்ராம் இல்லாமல் எல்லையைக் கடந்தவர் மீக்காத்துக்குத் திரும்ப வேண்டும், இல்லையேல் தம் கொடுக்க வேண்டும். ஆகவே தூக்கம் வரும் என்று அஞ்சுபவர்கள் விமானம் கிளம்பியதுமே நிய்யத் செய்து தல்பியா சொல்லிவிடலாம்; எல்லைக்கு முன்னரே இஹ்ராமில் நுழைவது செல்லும். முதலில் மதீனாவில் இறங்குபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்களின் எல்லை துல்ஹுலைஃபா.

ஆண்கள் உரக்கச் சொல்ல வேண்டும். பெண்கள் தங்களுக்குக் கேட்கும் அளவு சொன்னால் போதும். மாதவிலக்கு வந்துவிட்டதே என்று வாய்மூடி அழும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்கிறேன். துல்ஹுலைஃபாவில் குழந்தை பெற்ற அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களை, குளித்துத் துணி கட்டிக்கொண்டு இஹ்ராமில் நுழையுமாறு நபியவர்களே சொன்னார்கள். தடை தவாஃபுக்குத்தான், தல்பியாவுக்கு இல்லை.

நம்மில் பெரும்பாலோர் செய்வது தமத்துஃ ஹஜ். அதில் தல்பியா இரண்டு முறை தொடங்கி இரண்டு முறை நிற்கிறது. குழப்பம் எல்லாம் இங்கேதான். விமானத்தில் தொடங்கியது உம்ராவின் தல்பியா. பேருந்தில் ஏறும்போதும் இறங்கும்போதும், தொழுகைக்குப் பின்னும், வேறு கூட்டத்தாரைச் சந்திக்கும்போதும் சொல்லிக்கொண்டே போகிறீர்கள். ஹரமுக்குள் நுழைந்து, ஹஜருல் அஸ்வதுக்கு நேரே உள்ள பச்சை விளக்கைப் பார்த்து நின்று, கையை உயர்த்தித் தவாஃபைத் தொடங்குகிறீர்களே, அங்கே அது நின்றுவிடுகிறது. தவாஃபில் ஒருவர் லப்பைக் என்று குரல் கொடுக்க, பின்னால் நாற்பது பேர் திருப்பிச் சொல்லும் காட்சியை அங்கே காண்பீர்கள். நீங்கள் சேர வேண்டாம். அந்த இடத்துக்கு உரியவை திக்ரும் துஆவும்.

உம்ரா முடிந்து முடி களைந்த பிறகு, துல்ஹஜ் 8 வரை உங்களுக்கு தல்பியா இல்லை. அன்று தங்குமிடத்திலேயே ஹஜ்ஜுக்கு நிய்யத் செய்து மீண்டும் தொடங்குகிறீர்கள். மினாவில், மறுநாள் அரஃபாவில், அன்றிரவு முஸ்தலிஃபாவில் அது தொடர்கிறது. அரஃபாவில் நண்பகல் சாய்ந்ததும் பக்கத்துக் கூடாரத்தில் லப்பைக் ஓசை அடங்கினால், அவர்கள் மறந்துவிட்டார்கள் என்று போய்த் திருத்தாதீர்கள். மாலிகி மத்ஹபில் அதுவே நிறுத்தும் நேரம். நாம் தொடர்வதற்கு ஆதாரம் ஃபழ்ல் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் செய்தி. முஸ்தலிஃபாவிலிருந்து மினா வரை நபியவர்களின் ஒட்டகத்தில் பின்னால் அமர்ந்து வந்தவர் அவர். ஜம்ரத்துல் அகபாவில் கல்லெறியும் வரை நபியவர்கள் தல்பியா சொல்லிக்கொண்டே இருந்தார்கள் என்கிறார்.

ஆகவே 10ஆம் நாள் கையில் ஏழு கற்களோடு அங்கே நிற்கும்போது, முதல் கல்லுக்காகக் கை உயரும் வரை லப்பைக். அந்தக் கல்லை எறியும்போதே தல்பியா நின்று, ஒவ்வொரு கல்லுக்கும் 'அல்லாஹு அக்பர்' வருகிறது. கல்லெறிவதற்கு முன்பே தலைமுடி களைந்துவிட்டால், அந்த இடத்தோடு தல்பியா முடிந்துவிடும். 11, 12 நாள்களிலும், தங்குபவர்களுக்கு 13ஆம் நாளிலும் கல்லெறிதல் உண்டு, தக்பீர் உண்டு, லப்பைக் கிடையாது.

இப்போது ஒவ்வொருவராகச் சொல்லிப் பார்ப்போம். நிய்யத் இல்லாமல் பழகுவதால் யாரும் இஹ்ராமில் நுழைந்துவிட மாட்டீர்கள். முன்வரிசையிலிருக்கும் பெரியவர் தொடங்கட்டும். வல்முல்க்கில் சற்று நிறுத்துங்கள்.