பிஸ்கட்டைப் பாக்குற கண்ணும் ஆளைப் பாக்குற கண்ணும்

வணக்கம். நாய் உணவு விளம்பரத்துக்கு ஃபோட்டோ எடுக்குறதுதான் என் வேலை. சோறு வைக்கிற இடத்துல ஒரு நாய் உக்காந்து நம்மள நேராப் பாக்குற மாதிரி ஒரு படம் வருமே, அந்தப் பார்வை எப்படி வருதுன்னுதான் இன்னிக்கு பேசப் போறேன்.

ஒரு ஷூட். காலையில ஒருத்தர் தரையில உக்காந்து ஷூ லேஸ் கட்டுறாரு, பக்கத்துல அவரோட கருப்பு லாப்ரடார், முன்னாடி கிண்ணம், அவ்வளவுதான் காட்சி. நாய் கேமராவைப் பாக்கணும்னு சொல்லி உதவிக்கு வந்த பையன் லென்ஸ் மேல பிஸ்கட்டைப் பிடிச்சான். நாய் பாத்துச்சு, அசையாம பாத்துச்சு, 40 படம் எடுத்தோம். ஸ்கிரீன்ல பெருசாக்கிப் பாத்தா ஒண்ணுகூட தேறல. கழுத்து நீண்டு, வாய் இறுகி, கண்ணு ரெண்டும் லென்ஸுக்கு கொஞ்சம் மேல ஒரே புள்ளியில நட்டுக்கிட்டு இருக்கு. அது நம்மள பாக்கல, பிஸ்கட்டைப் பாக்குது. உங்க வீட்ல நாய் இருந்தா இந்த ரெண்டு பார்வைக்கும் வித்தியாசம் உங்களுக்கே தெரியும், தட்டைப் பாக்குறப்போ ஒரு மூஞ்சி, நீங்க வெளிய போயிட்டு வந்து கதவைத் திறக்குறப்போ வேற மூஞ்சி.

2017ல வந்த ஒரு ஆய்வு இதையேதான் சொல்லுது. மனுஷன் தன் பக்கம் திரும்பி இருக்குறப்போ நாய் முகத்தை ரொம்ப அசைக்குது, குறிப்பா உள்பக்கப் புருவத்தைத் தூக்குது, ஆனா சாப்பாட்டைக் காட்டுனா மட்டும் அந்த அசைவு கூடல. அப்போ நமக்கு வேண்டிய பார்வை பிஸ்கட்ல இல்லங்க, ஆளுகிட்டதான் இருக்கு.

அதனால ஷூ கட்டுறதுக்கு வேற ஆளை உக்கார வச்சிட்டு, வளர்க்குறவரை கேமராவுக்குப் பின்னாடி கூட்டிட்டு வந்தேன். அவரு தரையில படுத்து லென்ஸுக்கு மேல தாடையை வச்சுக்கிட்டாரு, கேமராவும் நாயோட கண்ணு உயரத்துக்கு இறங்கிடுச்சு. உத்தரவு எதுவும் போடாதீங்க, "உக்காரு"ன்னு சொன்னா அது வேலை செய்யற மூஞ்சியா மாறிடும், வீட்ல பேசுற மாதிரி மெதுவா பேசுங்கன்னேன். அவர் பேசினாரு. நாய் தலையை லேசா சாய்ச்சுது, புருவம் ஏறுச்சு, வாய் தளர்ந்துச்சு, அந்த மூணு நாலு செகண்டுதான் விளம்பரம். கீச்சுனு சத்தம் போடுற பொம்மையும் சிலர் வச்சிருப்பாங்க, அது ரெண்டு மூணு தடவைக்கு மேல எடுபடாது, நாய்க்குப் பழகிப்போயிடும்.

ஒண்ணு மட்டும் கவனிக்கணும். கண்ணோட ஓரத்துல வெள்ளை பிறை மாதிரி தெரிஞ்சா, சாப்பாடே இல்லாம உதட்டை நக்கிக்கிட்டே இருந்தா, தூக்கம் வராம கொட்டாவி விட்டா, அது தவிக்குது. உடனே நிறுத்திட்டு வெளிய கூட்டிட்டுப் போகணும். கால் மணி நேரத்துக்கு ஒருதரம் ஓய்வு கொடுத்துட்டா அந்த நிலைமை பெரும்பாலும் வராது.

அடுத்து ரோமம். கருப்பு நாயை எடுத்தா ரோமமே தெரியாம ஒரு நிழல் உக்காந்த மாதிரி வரும், உங்க ஃபோன்லயும் பாத்திருப்பீங்க. வெல்வெட் துணியை நேரா வெளிச்சத்துல பிடிச்சா வெறும் கருப்பாத் தெரியும், சாய்ச்சுப் பிடிச்சா ஒவ்வொரு இழையும் மின்னும் இல்லையா, அதே கதைதான். முன்னாடி இருந்து வெளிச்சம் அடிச்சா ஒவ்வொரு முடியோட நிழலும் அந்த முடிக்குப் பின்னாடியே ஒளிஞ்சுக்கும், எல்லாம் தட்டையாயிடும். அதனால பெரிய ஜன்னல் ஒண்ணு பக்கவாட்டுல, கொஞ்சம் பின்னாடி தள்ளி இருக்கணும். வெளிச்சம் முதுகு மேல உரசிக்கிட்டு போனா ஒவ்வொரு முடியும் கோடு கோடா எழும்பும். அதே ஜன்னல் கண்ணுலயும் சின்ன வெள்ளைப் பொட்டா விழணும், அதுக்கு நாய் முகத்தை ஜன்னல் பக்கம் கொஞ்சம் திருப்பி உக்கார வைக்கணும், அந்தப் பொட்டு இல்லன்னா கருப்பு முகத்துல கண்ணு எங்கன்னே தெரியாது. ஃபிளாஷ் மட்டும் லென்ஸ் பக்கத்துலேருந்து அடிச்சிடாதீங்க, நாய்க்கு விழித்திரைக்குப் பின்னாடி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற ஒரு படலம் இருக்கு, கண்ணு பச்சையா எரியும்.

இன்னொண்ணு, கேமரா கருப்பைப் பாத்து இருட்டுன்னு நினைச்சு தானா வெளிச்சத்தைக் கூட்டிடும், நாய் சாம்பல் நிறமாயிடும். ஒரு ஸ்டாப் அளவு, அதாவது வெளிச்சத்தைப் பாதியா, குறைச்சுக்கணும். அப்புறம் மூக்கு நீளமான நாய்க்கு லென்ஸோட திறப்பை, அதாவது அபர்ச்சரை, ரொம்பத் திறந்து வச்சா கண்ணு தெளிவா, மூக்கு மங்கலா வரும், நான் அதைக் கொஞ்சம் சுருக்கி f/5.6 பக்கம் போயிடுவேன், ஃபோகஸ் எப்பவும் கிட்ட இருக்குற கண்ணு மேல.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்றாங்க, நேரம் ஆயிடுச்சு. கிண்ணத்துல இருக்குற சாப்பாட்டைப் பத்தி சொல்ல நினைச்சிருந்தேன், ஒரே வரியில சொல்லிடறேன்: நாயோட படம் கையில வந்தப்புறம் கிண்ணத்தை நிரப்புங்க, முதல்லயே நிரப்பி வச்சா அது உங்க பக்கம் திரும்பவே திரும்பாது. நன்றி, வணக்கம்.