தாத்தா முகத்தில் ஒரு மடிப்பு: ஜெனரேட்டிவ் ஃபில்லா, பேட்ச் டூலா?

வணக்கம். இன்றைக்கு ஃபோட்டோஷாப்பில் சரிசெய்ய ஒரே ஒரு போட்டோதான். தாத்தா தன் மளிகைக் கடை வாசலில் நிற்கிறார். ஏதோ விடுமுறை நாள் போல, பின்னால் ஷட்டர் இறங்கியிருக்கிறது. நாலுக்கு ஆறு அங்குலப் படம். யாரோ அதை நீளவாக்கில் மடித்துக் கணக்கு நோட்டுக்குள் வைத்துவிட்டார்கள். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்ததில் 2400க்கு 3600 பிக்சல் வந்தது. மடிப்பு கடைப் பலகையில் தொடங்கி, ஷட்டரைக் கடந்து, தாத்தாவின் கண்ணோரமாக இறங்குகிறது. எழுத்து, கோடு, முகம் மூன்றும் ஒரே கீறலில். சோதனைக்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது.

முதலில் நான் செய்த முட்டாள்தனம். மடிப்பு முழுவதையும் ஒரே செலக்‌ஷனாக எடுத்து, பிராம்ப்ட் எதுவும் எழுதாமல், ஏஐ தானே வரைந்து நிரப்பும் ஜெனரேட்டிவ் ஃபில் கொடுத்தேன். சின்னதாகப் பார்க்கும்போது அற்புதம். 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால், மடிப்பு இருந்த இடம் எண்ணெய் தடவிய மாதிரி வழவழப்பாக இருக்கிறது. 2023இல் இந்த வசதி வந்தபோது ஏறத்தாழ 1024 பிக்சல் அகலத்துக்குத்தான் படம் உருவாக்கும். செலக்‌ஷன் அதைவிடப் பெரிதானால் இழுத்துப் பொருத்தும். இழுத்தால் படத்தில் பொடிப்பொடியாகத் தெரியும் ஃபிலிம் கிரெயின் போய்விடும். அதனால் துண்டு துண்டாகச் செய்வதுதான் இன்றும் என் பழக்கம்.

சரி, பலகைக்கு வருவோம். நீலத்தில் மஞ்சள் எழுத்து, "மளிகைக் கடை". மடிப்பு சரியாக "கை" மேல் விழுந்து பெயின்ட்டே தெரியாமல் ஆக்கிவிட்டது. ஜெனரேட்டிவ் ஃபில் மூன்று மாதிரி கொடுத்தது. மூன்றும் தூரத்தில் தமிழ், கிட்டே போனால் எந்த மொழியிலும் இல்லாத சுழிகள். அதற்கு எழுத்தின் சாயல் தெரியும், எழுத்து தெரியாது. பேட்ச் டூல் வேறு விதமாகச் சொதப்பியது. அது எடுத்த இடத்தின் டெக்ஸ்சரை ஒட்டும் இடத்தின் நிறத்தோடு கலக்கும். எழுத்தின் ஓரத்தில் கலந்தால் மஞ்சள் நீலத்தில் கரைந்து அழுக்காகிவிடுகிறது.

விடை பலகையிலேயே இருந்தது. "கடை"யில் ஒரு க இருக்கிறது, டைக்கு முன்னால் சங்கிலிக்கொம்பும் இருக்கிறது. இரண்டையும் லாஸோவால் வெட்டி, Ctrl+J போட்டுத் தனி லேயராக்கி, இடம் மாற்றி வைத்தேன். பலகையின் வலது பக்கம் கேமராவுக்குக் கொஞ்சம் பக்கம் என்பதால் அந்த எழுத்துகள் சற்றே பெரியவை. Ctrl+Tயில் அளவைக் குறைத்ததும் "கை" வந்துவிட்டது. மடிப்பு "ளி"யில் விழுந்திருந்தால் தொலைந்தேன், இந்தப் பலகையில் வேறு ள கிடையாது.

ஷட்டரில் நான் எதிர்பார்த்தது தலைகீழானது. பேட்ச் டூல் இங்கேயும் வரிகளின் ஓரத்தை மங்கடித்தது. ஜெனரேட்டிவ் ஃபில் சாய்வைச் சரியாகப் பிடித்தது, நிழல்கூட ஒத்துப்போனது. அப்புறம்தான் எண்ணிப் பார்த்தேன். இடப்பக்கம் பதினொரு வரி, வலப்பக்கம் பதினொன்று, நடுவில் பத்து! ஓரிடத்தில் இரண்டு வரிகள் சேர்ந்து ஒன்றாகியிருந்தன. திரும்பத் திரும்ப வரும் கோடு என்றால் கண்ணை நம்பாதீர்கள், எண்ணுங்கள். அந்த ஓர் இடத்தைக் குளோன் ஸ்டாம்பில் சரிசெய்தேன். Alt பிடித்து வரியின் விளிம்பிலேயே சாம்பிள் எடுத்து, மடிப்புக்கு அந்தப் பக்கம் அதே விளிம்பில் வைத்து, Shift அழுத்தி அடுத்த முனையில் கிளிக் செய்தால் நேராக வரும். குளோன் நிறத்தைக் கலக்காது, அதனால் ஓரம் கூர்மையாகவே நிற்கும்.

இனி முகம். கன்னத்துக்குப் பேட்ச் டூல்தான், சந்தேகமே இல்லை. பக்கத்துத் தோலிலிருந்து இழுத்தால் கிரெயினோடு உட்கார்ந்துவிடுகிறது. புருவத்தைத் தொட்டால் மட்டும் கறுப்பு கன்னத்தில் கசியும், அதனால் புருவத்துக்கு முன்னாலேயே செலக்‌ஷனை நிறுத்திவிட வேண்டும். கண்தான் சிக்கல். ஜெனரேட்டிவ் ஃபில் கொடுத்த கண் அழகான கண். இமை, முடி, ஈரப்பளபளப்பு எல்லாம் உண்டு. அம்மாவிடம் காட்டினேன். "யாருடா இது, தாத்தாவோட தம்பியா?" என்றார். தாத்தாவுக்கு மேலிமை கொஞ்சம் தொங்கும். அது மடிப்புக்குள் போய்விட்டதால், அப்படி ஒன்று இருந்தது அதற்கு எப்படித் தெரியும்?

மற்றொரு கண்ணைக் காப்பி செய்து கிடைமட்டமாகத் திருப்பி வைத்தேன். இமை சரியாக வந்தது, ஆனால் பார்வையில் ஏதோ இடித்தது. கண் பாப்பாவில் விழும் வெளிச்சப் புள்ளியும் சேர்ந்து திரும்பியிருந்தது, ஒரு கண்ணுக்கு இடப்பக்கம் சூரியன், இன்னொன்றுக்கு வலப்பக்கம். புள்ளியை மூடி, சரியான பக்கத்தில் புதிதாக வைத்தேன். அம்மா இரண்டாவது தடவை பார்த்தபோது எதுவும் சொல்லவில்லை. போனை வாங்கி, படத்தைத் தனக்கே அனுப்பிக்கொண்டார்.