மேட்டு லயத்துக்கு வந்த தண்ணீர்

வணக்கம். எங்கள் வட்டாரத்துத் தண்ணீர் வேலை எதுவரை வந்திருக்கிறது என்று சொல்ல வந்திருக்கிறேன். பிரதேச சபை அறிக்கையில் இது ஒரு வரிதான். அதை வாசிக்க முடியாதவர்களுக்கும் கணக்கு விளங்க வேண்டும், அதனால் வாளியிலேயே சொல்கிறேன்.

மலையில் இருக்கும் ஊற்றிலிருந்து வரும் குழாயில் இருபது லீட்டர் வாளியைப் பிடித்தால், வெயில் காலத்திலும் விநாடிக்கு ஒன்றாக நாற்பது எண்ணுவதற்குள் நிரம்புகிறது. அப்படியானால் ஒரு மணி நேரத்துக்குத் தொண்ணூறு வாளி. ஊற்றில் குறை இல்லை. பழைய தொட்டி 5,000 லீட்டர்தான் பிடிக்கும். இரவு ஒன்பது மணிக்கு நிரப்பத் தொடங்கினால் நடுச்சாமத்துக்குள் நிரம்பிவிடும். அப்புறம் விடிய ஐந்து மணிவரை வருகிற தண்ணீர் எல்லாம் ஓடையில்தான் போனது.

இப்போது பக்கத்தில் 10,000 லீட்டர் தொட்டி கட்டி முடித்து இணைத்தாயிற்று. இரவு முழுதும் வருகிற தண்ணீர் அப்படியே தங்குகிறது. ஐம்பத்து நான்கு வீட்டுக்கும் பங்கு போட்டால், காலையில் வீட்டுக்குப் பதின்மூன்று வாளி.

ஆனால் தொட்டி மட்டும் போதாது. பணிய லயத்துக் குழாய்கள் திறந்திருக்கும்போது தண்ணீர் தாழ்வுக்கே ஓடும், மேட்டு லயத்துக் குழாயில் காற்றுதான் வரும். மேட்டு லயத்துக்குத் தண்ணீர் வராததற்கு அதுதான் காரணம், பணிய லயத்துப் பிள்ளைகள் யாரும் வேண்டுமென்று பிடித்து வைக்கவில்லை. அதனால் இரண்டு வால்வு போட்டிருக்கிறோம். ஐந்து மணிக்கு மேட்டு லயம், ஆறு மணிக்குப் பணிய லயம். பெரட்டுக்குப் போவதற்குள் இரண்டு பக்கமும் பிடித்துவிடலாம்.

1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டப்படி தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிடுவதற்குத் தடை இருந்தது. 2018இல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் அதற்கு வழி பிறந்தது. ஆகவே இது யாரும் போட்ட தர்மம் இல்லை, உங்கள் சபை உங்களுக்குச் செய்யவேண்டிய வேலை.

இனி முடியாததைச் சொல்கிறேன். கொழுந்து லொறி போகிற பாதையைக் கடக்கும் இடத்தில் குழாய் இன்னும் மண்ணுக்கு மேலேதான் கிடக்கிறது. அதை இரும்புக் குழாய்க்குள் செலுத்திப் புதைக்க வேண்டும், அதற்கான பணம் இன்னும் ஒதுக்கப்படவில்லை. தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஏற்பாடும் இல்லை. மழைக்குப் பிறகு கலங்கி வந்தால் முதலில் துணியில் வடிகட்டி, பிறகு நன்றாகக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

ஒரு நாள் விடியற்காலையில் தொட்டியில் வழக்கத்தைவிடத் தண்ணீர் குறைவாக இருந்தால், தொட்டிக்குள் தண்ணீர் விழும் இடத்தில் வாளியைப் பிடித்து எண்ணுங்கள். நாற்பதில் நிரம்பினால் குழாயில் குறையில்லை, தொட்டி கசிகிறதா, இரவில் வால்வு சரியாக மூடியிருந்ததா என்று பார்க்க வேண்டும். எண்பது வரை போனால் பாதித் தண்ணீர் தொட்டிக்கு வந்து சேரவில்லை. ஊற்று வாயில் இலை அடைத்திருக்கும், இல்லையென்றால் லொறிப் பாதையில் குழாய் வெடித்திருக்கும். எத்தனை எண்ணினீர்கள் என்பதை மட்டும் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், எந்த இடத்துக்கு ஆள் அனுப்புவது என்று அதை வைத்தே முடிவு செய்யலாம்.