கைக்குத் தெரியாத பக்கம்

வணக்கம். பிளேசான்சில் விமானம் ஏறி, கொடுக்கிற பழச்சாற்றைக் குடித்து முடிப்பதற்குள் ரீயூனியன் வந்துவிடும். முக்கால் மணி நேரம்தான். அங்கேயும் கரும்பு, மலை, தீமிதி, காவடி என்று எல்லாம் நம்மைப் போலத்தான். அதனாலேயே விமான நிலையத்தில் வாடகைக் காரின் சாவியை வாங்கும்போது நமக்குப் பயமே வருவதில்லை. மொரீசியசில் இடப்பக்கம் ஓட்டுகிறோம், அங்கே பிரெஞ்சுக்காரர்களைப் போல வலப்பக்கம். அவ்வளவுதானே?

நான் முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். நானே அங்கே தப்புப் பண்ணினேன். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதல் நாள் தப்பு வராது. விமான நிலையத்திலிருந்து வெளியே வரும்போது கண்ணும் காதும் விழித்திருக்கும். முன்னால் போகிற காரைப் பின்தொடர்ந்தால் போதும். சிரிப்பு மூட்டுகிற சங்கடங்கள் மட்டும் இருக்கும். நம் ஜப்பான் கார்களில் சிக்னல் போடும் குச்சி வலது கைப்பக்கம் இருக்கிறது. அங்கே பிரெஞ்சுக் கார்களில் அது இடது பக்கம். நான் திரும்பப் போகும் ஒவ்வொரு முறையும் கண்ணாடி துடைப்பான் ஓடியது. வெயில் கொளுத்துகிறது, கண்ணாடி கீச்கீச் என்று அழுகிறது, பின்னால் வருகிறவனுக்கு நான் திரும்பப் போவது தெரியவே இல்லை.

இன்னொன்று, வண்டி தானாக வலது ஓரத்துக்கு ஒதுங்கும். காரணம் எளிது. நம் ஊரில் நமக்கு இடது பக்கம்தான் கார் நீண்டு கிடக்கிறது, அங்கே வலது பக்கம். ஆனால் உடம்பு பழைய இடத்திலேயே உட்காரப் பார்க்கிறது. அதனால் வலது பக்கச் சக்கரம் நடைபாதைக் கல்லில் உரசும், வலது கண்ணாடி சுவரில் இடிக்கும். திருப்பிக் கொடுக்கும்போது வாடகைக்காரர் முதலில் குனிந்து பார்ப்பது அந்த வலது சக்கரத்தைத்தான்.

இதற்கு என் மாணவர்களுக்குச் சொல்லும் ஒரே அடையாளம் உண்டு. எந்த நாடானாலும், ஓட்டுகிறவர் சாலையின் நடுக்கோட்டுப் பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும். இங்கே உங்கள் வலது தோளருகே நடுக்கோடு, அங்கே உங்கள் இடது தோளருகே. இடது, வலது என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். நடுக்கோடு என் தோள் பக்கம் இருக்கிறதா? அதை மட்டும் கேளுங்கள்.

அப்புறம் மூன்றாம் நாள் வரும். சேன்-ஆந்த்ரேயில் என் சித்தி மகன் வீட்டில் தங்கியிருந்தோம். விடியற்காலை ஐந்து மணி, கோயிலுக்குக் கிளம்பினோம். தெருவில் ஈ காக்கை இல்லை. வாசலிலிருந்து இடது பக்கம் திரும்ப வேண்டும். நம் ஊரில் இடது திருப்பம் சின்னது, ஓரமாக ஒடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். என் கை அப்படியே செய்தது. அங்கே இடது திருப்பம் பெரியது, எதிர்ச்சாரியைத் தாண்டித்தான் நம் சாரிக்குப் போக வேண்டும். நூறு மீட்டர் நிம்மதியாகப் போயிருப்பேன். எதிரே கரும்பு லாரி, இரண்டு விளக்கும் என் முகத்தில். “என்னங்க, வலது பக்கம்!” என்று மனைவி கத்திய பிறகுதான் ஸ்டீயரிங் அசைந்தது. லாரிக்காரர் பெருமூச்சு விட்டபடி போனார். நான் ஓரமாக நிறுத்தி, கை நடுக்கம் நிற்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

பார்த்தீர்களா? கூட்டமான சாலையில் தப்பு வராது, மற்ற வண்டிகளே நமக்கு வழி சொல்லும். காலியான தெருவில், பெட்ரோல் பங்க்கிலிருந்து வெளியே வரும்போது, சாப்பிட்டுவிட்டு வண்டியை எடுக்கும்போது, யாரும் வழி சொல்லாத அந்த முதல் நூறு மீட்டரில்தான் வருகிறது. ஆகவே வண்டியை நிறுத்தி எடுக்கும் ஒவ்வொரு முறையும், நடுக்கோடு எந்தத் தோள் பக்கம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

சரி, இப்போது அபராதம். இது என் பையைத் தொட்ட கதை.

90 என்று பலகை வைத்த சாலையில் 103-இல் போயிருக்கிறேன். ஓரத்துக் கேமரா பளிச்சென்றது. அந்த வெளிச்சம் எனக்குத்தானா என்றுகூடத் தெரியவில்லை. அளவுக் கருவியின் பிழைக்காக அந்த வேகத்தில் அவர்கள் நூற்றுக்கு 5 கழித்துக்கொள்வார்கள், ஆக 97 சொச்சம். ஏழு கிலோமீட்டர் அதிகம். இதற்கு 68 யூரோ. சொன்ன கெடுவுக்குள் கட்டினால் 45. விட்டுவிட்டால் 180.

ஆனால் அந்தக் காகிதம் நேராக என்னிடம் வராது. கார் யார் பேரில் பதிவோ அவருக்குத்தான் முதலில் போகும், அதாவது வாடகைக்காரருக்கு. அவர் பணம் கட்டமாட்டார். அன்றைக்கு வண்டி இன்னாரிடம் இருந்தது என்று என் பெயரையும் விலாசத்தையும் எழுதிக் கொடுத்துவிடுவார். அந்த வேலைக்கென்று என் கிரெடிட் கார்டிலிருந்து 30 யூரோ எடுத்துக்கொண்டார். ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருந்தது, நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

இங்கேதான் ஏமாந்தேன். வங்கிக் கணக்கில் 30 யூரோ, பக்கத்தில் அபராதம் என்ற சொல். சரி, கட்டியாகிவிட்டது என்று நினைத்தேன். அது எழுத்துக் கூலி மட்டும்தான், அபராதம் அல்ல! அபராதத்தைப் பிரான்சின் அரசு அலுவலகம் ரென் நகரிலிருந்து தனியாக, புதுக் காகிதத்தில், என் பெயருக்கு அனுப்பும். அனுப்பியது. பிரெஞ்சு நன்றாகப் படிக்கத் தெரிந்த நான், “இதுதான் எடுத்துவிட்டார்களே” என்று மேசை இழுப்பறையில் போட்டேன். அடுத்த காகிதம் 180 என்று வந்தது. ஒரு மாதத்துக்குள் கட்டினால் ஐந்தில் ஒரு பங்கு தள்ளுபடி, ஆக 144. ஒழுங்காகக் கட்டியிருந்தால் கூலியோடு 75-இல் முடிந்திருக்கும். நான் கொடுத்தது 174. நம் ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்த்து மனைவியிடம் சொல்லவில்லை. இப்போது வானொலியில் கேட்டுக்கொண்டிருப்பாள்.

இன்னொரு முறை சொல்கிறேன்: கார்டில் எடுத்தது ஒன்று, காகிதத்தில் வருவது வேறு. காகிதம் வந்தால் அதிலேயே ஒரு எண் இருக்கும், amendes.gouv.fr என்ற தளத்தில் அதைப் போட்டுக் கார்டில் கட்டலாம்.

வாடகை ஒப்பந்தத்தில் எழுதும் விலாசத்தையும் பாருங்கள். நம்மில் பாதிப்பேர் ‘ராயல் ரோடு’ என்று எழுதிவிடுகிறோம். ஊருக்கு ஊர் ராயல் ரோடு. கவுண்டரில் இருக்கும் பெண் ஊர்ப்பெயரை விட்டுவிட்டால் காகிதம் தீவைச் சுற்றும், நாள் ஓடும், தொகை ஏறும். ஊரும் அஞ்சல் எண்ணும் திரையில் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கை காட்டுகிறார்கள். வட்டச் சந்திப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். சுருக்கமாக: அங்கே சுற்று எதிர்த்திசை, உள்ளே ஓடும் வண்டிகள் இடது பக்கத்திலிருந்து வரும், அவர்களுக்கு வழி விடுங்கள். பலகையே இல்லாத சின்னச் சந்திப்பில் மட்டும் வலது பக்கத்திலிருந்து வருகிறவருக்கு முதல் உரிமை, அது சந்து முனையிலிருந்து வரும் ஓட்டை வண்டியானாலும் சரி. அப்புறம், ஊர் திரும்பி பிளேசான்சில் உங்கள் சொந்தக் காரை எடுக்கும்போதும் அந்த முதல் நூறு மீட்டர் இருக்கிறது. ஒரு வாரத்தில் கை அந்த ஊருக்குப் பழகியிருக்கும். நான் கார் நிறுத்துமிடத்திலிருந்து வெளியே வந்தபோது துடைப்பான் மறுபடி ஓடியது. வணக்கம்.